ரேண்டம் சுகரில் கோட்டை எங்கே போடுவது? ஆர்.ஓ.சி. வளைகோட்டிலிருந்து வெட்டுப்புள்ளி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

காசிமேடு துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் சர்க்கரை நோய்க்கான முகாம் நடத்துகிறவர்கள் முதல் நாளிலேயே ஒன்றைப் புரிந்துகொள்வார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பது அங்கே எளிதில் நடக்காது. விடியும் முன்பே ஏலத்துக்குப் போகிற பெண்களும் படகிலிருந்து இறங்குகிற ஆண்களும் முகாம் மேசைக்கு வருவதற்குள் இரண்டு முறையாவது டீ குடித்திருப்பார்கள். "சாப்ட்டு எவ்ளோ நேரமாச்சுண்ணா?" என்று கேட்டால், "இப்பதான் தம்பி, டீயும் பன்னும்" என்ற பதில் வரும். ஆகவே அங்கே கிடைப்பது ரேண்டம் சுகர், அதாவது எப்போது சாப்பிட்டிருந்தாலும் விரல் நுனியில் ஒரு துளி எடுத்து குளுக்கோமீட்டரில் பார்க்கும் அளவு மட்டுமே. அந்த எண் எவ்வளவு இருந்தால் ஒருவரை மேல்சோதனைக்கு அனுப்புவது என்பதுதான் வெட்டுப்புள்ளிக் கேள்வி. இந்த வழிகாட்டி அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வெட்டுப்புள்ளியிலும் சோதனை எத்தனை நோயாளிகளைப் பிடிக்கிறது, நோய் இல்லாத எத்தனை பேரைத் தவறாக அனுப்புகிறது என்று காட்டும் ஆர்.ஓ.சி. வளைகோட்டை வரைவதிலிருந்து எண்ணைத் தீர்மானிப்பது வரை படிப்படியாகச் செல்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளைகோட்டுக்குள் வெட்டுப்புள்ளி இல்லை. ஒரு சோதனையால் என்னென்ன பேரங்கள் சாத்தியம் என்பதை மட்டுமே வளைகோடு காட்டும். எந்தப் பேரத்துக்கு நாம் ஒப்புவது என்பதை நோயின் பரவலும், தவறவிடுவதால் வரும் இழப்பும், மேல்சோதனைக் கூடத்தின் கொள்ளளவும் சேர்ந்து முடிவு செய்கின்றன. மென்பொருள் தானாகக் காட்டும் "சிறந்த புள்ளி"யை அப்படியே எடுத்துக்கொள்கிறவர்கள், இந்த மூன்றையும் பற்றித் தாங்கள் அறியாமலேயே ஒரு முடிவை எடுத்துவிடுகிறார்கள்.

முதல் படி: யாருக்கு நோய் உண்டு என்பதைத் தனியாகத் தெரிந்துகொள்வது

வளைகோடு வரைய ஒவ்வொருவருக்கும் இரண்டு தகவல்கள் வேண்டும். ஒன்று, நாம் சோதித்துப் பார்க்கும் அளவு, அதாவது ரேண்டம் சுகர். மற்றொன்று, அவருக்கு உண்மையில் நோய் இருக்கிறதா என்பது. இரண்டாவதை ரேண்டம் சுகரின் துணையில்லாமல், வேறொரு நம்பத்தகுந்த சோதனையால் அறிய வேண்டும். இங்கே அது வாய்வழி குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனை. வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் எடுப்பார்கள். நரம்பிலிருந்து எடுத்த பிளாஸ்மாவில் வெறும் வயிற்று அளவு 126 மி.கி./டெ.லி. அல்லது அதற்கு மேல், அல்லது இரண்டு மணி நேர அளவு 200 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் உண்டு என்று கொள்வோம்.

இந்தச் சோதனைக்கு மட்டும் எப்படியாவது ஒரு காலைப்பொழுதைக் கேட்டு வாங்க வேண்டும். முகாமுக்கு வந்த அனைவருக்கும் செய்ய முடியாவிட்டால் யாருக்குச் செய்தோம் என்பதைக் கணக்கில் வைத்திருக்க வேண்டும். மொத்த வேலையையும் கெடுக்கக்கூடிய இடம் அதுதான் என்பதால் பின்னால் விரிவாகத் திரும்பி வருகிறேன். ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. நாம் தேடுவது தனக்கு நோய் இருப்பதை அறியாதவரை. தெரிந்த நோயாளிகளைச் சேர்த்தால் சோதனை உண்மையில் இருப்பதைவிடக் கெட்டிக்காரத்தனமாகத் தோன்றும்.

இரண்டாம் படி: அட்டவணை

இனி ஒரு கணக்கை முழுவதுமாகச் செய்து பார்ப்போம். இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. எந்த முகாமின் முடிவும் அல்ல. 200 பேருக்கு இரண்டு சோதனைகளும் செய்தோம் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 40 பேருக்கு நோய் உண்டு, 160 பேருக்கு இல்லை. ரேண்டம் சுகர் அளவுப்படி அவர்கள் இப்படிப் பிரிகிறார்கள்.

| ரேண்டம் சுகர் (மி.கி./டெ.லி.) | நோய் உள்ளவர் | நோய் இல்லாதவர் |
|---|---|---|
| 110-க்குக் கீழ் | 2 | 80 |
| 110–119 | 2 | 24 |
| 120–129 | 3 | 20 |
| 130–139 | 3 | 14 |
| 140–159 | 6 | 12 |
| 160–199 | 10 | 10 |
| 200-உம் மேலும் | 14 | 0 |

இந்த அட்டவணையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருப்பது நல்லது. நோய் உள்ளவர்களில் இரண்டு பேருக்கு அளவு 110-க்கும் கீழே இருக்கிறது. நோய் இல்லாத பத்துப் பேருக்கு 160-க்கு மேலே இருக்கிறது. இரு கூட்டமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. எந்த எண்ணில் கோடு கிழித்தாலும் சிலர் தவறான பக்கத்தில் நிற்பார்கள். கோட்டை நகர்த்துவது பிழையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றுமே தவிர, பிழையை ஒழித்துவிடாது.

மூன்றாம் படி: ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு விகிதங்கள்

140-இல் கோடு போடுகிறோம், அதாவது 140-உம் அதற்கு மேலும் இருந்தால் மேல்சோதனைக்கு அனுப்புகிறோம் என்று கொள்வோம். நோய் உள்ள 40 பேரில் 6, 10, 14 என 30 பேர் கோட்டுக்கு மேலே வருகிறார்கள். 40-க்கு 30, அதாவது 75 சதவீதம். இதுவே உணர்திறன், துறையில் பேச்சுவழக்கில் சென்சிட்டிவிட்டி. நோய் இல்லாத 160 பேரில் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் 80, 24, 20, 14 சேர்ந்து 138 பேர். 160-க்கு 138, அதாவது 86.25 சதவீதம். இது தனித்தன்மை, பேச்சில் ஸ்பெசிபிசிட்டி.

பலர் இங்கேயே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். உணர்திறனின் கீழ்த்தொகை எப்போதும் நோய் உள்ளவர்கள், தனித்தன்மையின் கீழ்த்தொகை எப்போதும் நோய் இல்லாதவர்கள். சோதனையில் நேர்மறை வந்தவர்களைக் கீழே வைத்து வகுத்தால் அது வேறொரு கணக்கு. அதற்கான இடம் ஐந்தாம் படியில் வரும்.

விரிதாளில் A நெடுவரிசையில் ரேண்டம் சுகரையும், B நெடுவரிசையில் நோய் இருந்தால் 1, இல்லையென்றால் 0 என்றும் உள்ளிட்டிருந்தால் இரண்டு வரிகள் போதும்.

```
=COUNTIFS(B:B,1,A:A,">=140")/COUNTIFS(B:B,1)
=COUNTIFS(B:B,0,A:A,"<140")/COUNTIFS(B:B,0)
```

140 என்ற இடத்தில் மற்ற எண்களை மாற்றி மாற்றி இட்டால் கிடைப்பது இது:

| வெட்டுப்புள்ளி | உணர்திறன் | தனித்தன்மை |
|---|---|---|
| 110 | 95% | 50% |
| 120 | 90% | 65% |
| 130 | 82.5% | 77.5% |
| 140 | 75% | 86.25% |
| 160 | 60% | 93.75% |
| 200 | 35% | 100% |

படுக்கை அச்சில் நூறிலிருந்து தனித்தன்மையைக் கழித்த அளவையும், அதாவது நோய் இல்லாதவர்களில் தவறாக அனுப்பப்படுகிறவர்களின் விகிதத்தையும், செங்குத்து அச்சில் உணர்திறனையும் வைத்து இந்த ஆறு புள்ளிகளைக் குறித்து, இடது கீழ் மூலையிலிருந்து வலது மேல் மூலை வரை இணைத்தால் அதுதான் ஆர்.ஓ.சி., அதாவது ரிசீவர் ஆப்பரேட்டிங் கேரக்டரிஸ்டிக் வளைகோடு. ரேடார் திரையில் தெரியும் புள்ளி விமானமா வெறும் இரைச்சலா என்று பிரித்தறியும் இரண்டாம் உலகப்போர்க்காலக் கவலையிலிருந்து பிறந்த முறை இது. "ரிசீவர்" என்ற சொல் இன்னும் அதன் பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான். வெட்டுப்புள்ளியைக் குறைக்கக் குறைக்கக் கோட்டின் மீது வலப்புறமாக மேலே ஏறுகிறோம். உயர்த்தினால் இடப்புறமாகக் கீழே இறங்குகிறோம். மூலைக்கு மூலை நேராகப் போகும் சாய்கோட்டின் மேலேயே வளைகோடு படிந்துவிட்டால், அந்தச் சோதனை காசைச் சுண்டிப் போடுவதற்கு ஒப்பானது.

நான்காம் படி: அடிப்பரப்பு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பை, ஏ.யூ.சி. என்று சொல்லப்படுவதை, கையாலேயே கணக்கிடலாம். ஒருமுறை அப்படிச் செய்து பார்த்தவருக்கு அதன் பொருள் மறக்காது. நோய் உள்ள ஒருவரையும் இல்லாத ஒருவரையும் ஜோடியாக எடுங்கள். 40 பெருக்கல் 160, மொத்தம் 6400 ஜோடிகள். நோய் உள்ளவரின் அளவு அதிகமாக இருந்தால் ஒரு புள்ளி, இருவரும் ஒரே பிரிவில் இருந்தால் அரைப் புள்ளி, குறைவாக இருந்தால் சுழியம்.

200-க்கு மேல் உள்ள 14 பேரும் நோய் இல்லாத 160 பேரையும் மிஞ்சுகிறார்கள். அதற்கு 2240 புள்ளி. 160–199 பிரிவில் உள்ள 10 பேர் ஒவ்வொருவரும் 150 பேரை மிஞ்சி, 10 பேரோடு சமனாகிறார்கள். எனவே ஒவ்வொருவருக்கும் 155, மொத்தம் 1550. இப்படியே கீழே இறங்கினால் 864, 393, 342, 184, 80 என்று வரும். கூட்டினால் 5653. அதை 6400-ஆல் வகுத்தால் 0.883.

ஆகவே 0.88 என்பதற்குப் பொருள் இதுதான்: நோய் உள்ள ஒருவரையும் இல்லாத ஒருவரையும் குருட்டாம்போக்கில் எடுத்தால், நூற்றுக்கு 88 முறை நோய் உள்ளவரின் அளவே கூடுதலாக இருக்கும். சோதனை நூற்றுக்கு 88 பேருக்குச் சரியாகச் சொல்கிறது என்பது இதன் பொருள் அல்ல. முகாமில் நமக்கு முன்னால் ஜோடிகளாக யாரும் வருவதில்லை, ஒவ்வொருவராகத்தான் வருகிறார்கள். மேலும் இந்தப் பரப்பு வளைகோட்டின் எல்லாப் பகுதிகளையும் சேர்த்துக் கூட்டுகிறது. நாம் ஒருநாளும் பயன்படுத்தப்போகாத, பாதிப் பேரைத் தவறாக அனுப்பும் வலது ஓரமும் அதில் அடக்கம். இரண்டு சோதனைகளின் பரப்பு ஒன்றாகவே இருந்து, நமக்குத் தேவையான இடத்தில் மட்டும் ஒன்று மற்றொன்றைவிட மேலாக இருக்கக்கூடும். பரப்பு சோதனைகளை முதல் சுற்றில் ஒப்பிட உதவும், வெட்டுப்புள்ளியைத் தேர்ந்தெடுக்க உதவாது.

அந்த 0.88-உம் உறுதியான எண் அல்ல. ஹான்லியும் மெக்நீலும் 1982-இல் தந்த சூத்திரப்படி இந்த 200 பேருக்கான 95 சதவீத நம்பக எல்லை ஏறத்தாழ 0.81 முதல் 0.95 வரை போகிறது. 140-இல் உள்ள உணர்திறனோ இன்னும் தளர்வானது. 40 பேரில் 30 என்பதால் 75 சதவீதம் என்று எழுதுகிறோம், ஆனால் உண்மை 60-க்கும் 86-க்கும் இடையே எங்கும் இருக்கலாம். மொத்தம் 200 பேர் இருந்தாலும் உணர்திறனைத் தீர்மானிப்பவர்கள் அந்த 40 பேர் மட்டுமே.

ஆர் மென்பொருளில் செய்கிறவர்களுக்கு, `d` என்ற அட்டவணையில் `dm` நோய் உண்டா என்ற 1 அல்லது 0, `rbs` ரேண்டம் சுகர் என்று வைத்துக்கொண்டால்:

```
library(pROC)
r <- roc(d$dm, d$rbs, levels = c(0, 1), direction = "<")
ci.auc(r)
coords(r, x = c(120, 130, 140, 160),
       ret = c("threshold", "sensitivity", "specificity"))
```

தனித்தனி அளவுகளைக் கொடுத்தால் விடை 0.883-லிருந்து சற்று விலகும், ஏனெனில் மேலே நாம் பிரிவுக்குள் இருப்பவர்களைச் சமமாக எண்ணினோம். `direction` என்பதை நாமே எழுதிவிடுவது முக்கியம். எழுதாவிட்டால் அந்தத் தொகுப்பு இடைநிலை அளவுகளைப் பார்த்துத் திசையைத் தானே ஊகித்துக்கொள்ளும். 1-உம் 0-உம் தலைகீழாக உள்ளிடப்பட்டிருந்தால் பரப்பு 0.12 என்று வந்து நம்மை எச்சரித்திருக்க வேண்டும். அது சத்தமில்லாமல் 0.88 ஆகிவிடும்.

ஐந்தாம் படி: வளைகோட்டைத் தெருவுக்குக் கொண்டுவருவது

யூடன் என்ற புள்ளியியலாளர் 1950-இல் தந்த குறியீடு ஒன்று உண்டு. உணர்திறனையும் தனித்தன்மையையும் கூட்டி ஒன்றைக் கழித்து, எங்கே அது அதிகமோ அங்கே வெட்டுவது. நம் அட்டவணையில் 140-இல் 0.6125, 130-இல் 0.60. ஆக யூடன் 140 என்கிறார். இரண்டுக்கும் இடையே உள்ள 0.0125 ஒரே ஒரு நோயாளியின் அளவு 140-க்கு மேலிருந்து கீழே இறங்கினாலே மறைந்துவிடும். எனவே "உகந்த வெட்டுப்புள்ளி 140" என்று அறிக்கையில் எழுதும் அளவுக்கு அதில் பலம் இல்லை.

அதைவிடப் பெரிய குறை, யூடன் குறியீடு நோயின் பரவலைப் பார்ப்பதே இல்லை என்பது. நம் 200 பேரில் ஐந்தில் ஒருவருக்கு நோய் இருந்தது. தெருவில் அவ்வளவு பேருக்கு அறியாத நோய் இருக்காது. தண்டையார்பேட்டையில் 1000 பேர் வரும் ஒரு முகாமில் 80 பேருக்கு அறியாத சர்க்கரை நோய் இருப்பதாக வைத்துக்கொண்டு, அதே விகிதங்களைப் பொருத்திப் பார்ப்போம்.

| வெட்டுப்புள்ளி | அனுப்பப்படுவோர் | அவர்களில் நோய் உள்ளவர் | தவறவிட்டவர் |
|---|---|---|---|
| 120 | 394 | 72 | 8 |
| 130 | 273 | 66 | 14 |
| 140 | சுமார் 187 | 60 | 20 |
| 160 | சுமார் 106 | 48 | 32 |

வரிசைக்கு வரிசை மேலேறும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். 160-லிருந்து 140-க்கு இறங்கினால் கூடுதலாக 12 நோயாளிகள் அகப்படுகிறார்கள், அதற்கு விலையாக நோய் இல்லாத 69 பேரை வீணாக அனுப்புகிறோம். ஒரு நோயாளிக்கு ஏறக்குறைய 6 பேர். 140-லிருந்து 130-க்கு இறங்கினால் 6 நோயாளிகள் கூடுகிறார்கள், வீணாகப் போகிறவர்கள் சுமார் 80. ஒருவருக்கு 13 பேர். 130-லிருந்து 120-க்கு இன்னும் 6 நோயாளிகள், ஆனால் 115 பேர் வீண். ஒருவருக்கு 19.

இந்த 6, 13, 19 என்ற எண்களைத்தான் முடிவெடுப்பவர்களின் முன்னால் வைக்க வேண்டும் என்பது என் அனுபவம். உணர்திறன் 75-ஆ 82.5-ஆ என்று மருத்துவ அலுவலரிடம் கேட்டால் எவரும் பெரியதைத்தான் கேட்பார். "ஒரு நோயாளியைக் கூடுதலாகக் கண்டுபிடிக்க, நோய் இல்லாத பதின்மூன்று பேரை ஒரு காலைப்பொழுது வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லலாமா?" என்று கேட்டால் அவர் யோசிப்பார். ஏலத்துக்குப் போகாத ஒரு காலை என்பது அந்தப் பெண்ணுக்கு அன்றைய வருமானம். மறுபக்கத்தில், தவறவிட்டவருக்கு அடுத்த முகாமில் இன்னொரு வாய்ப்பு இருக்கிறதா, அல்லது கால் புண்ணோடு ஆஸ்பத்திரிக்கு வரும்போதுதான் தெரியுமா என்பதும் இந்தத் தராசில் ஏறும். ஆண்டுதோறும் முகாம் நடக்கும் தெருவில் ஒருமுறை தவறவிடுவதும், ஒரே ஒருமுறை நடக்கும் தெருவில் தவறவிடுவதும் ஒன்றல்ல.

யூடன் குறியீட்டுக்குள்ளும் இப்படி ஒரு விலை ஒளிந்திருக்கிறது. நோய் இல்லாதவர்களை நோய் உள்ளவர்களால் வகுத்த எண்தான் அது. நம் தெருவில் 920-ஐ 80-ஆல் வகுத்தால் 11.5. அதாவது யூடனை ஏற்கிறவர், ஒரு நோயாளியைத் தவறவிடுவது பதினொன்றரைப் பேரை வீணாக அலையவிடுவதற்குச் சமம் என்று ஒப்புக்கொண்டவர் ஆகிறார். பரவல் குறைந்த வேறொரு தெருவில் அதே சூத்திரம் வேறொரு விலையைத் திணிக்கும். விலையை நாமே வாய்விட்டுச் சொல்லித் தேர்ந்தெடுப்பது நேர்மையானது. பத்துப் பேர் வரை சரி என்றால் 140, பதினைந்து என்றால் 130, இருபது என்றால் 120.

சென்னையிலேயே இந்தத் தராசுக்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. சென்னை மக்களிடையே நடந்த ஆய்வின் தரவுகளிலிருந்து உருவாக்கி 2005-இல் வெளியான இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண், வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நோய் இருந்ததா என்ற நான்கை மட்டும் வைத்து நூற்றுக்கு மதிப்பெண் இடுகிறது. அதில் 60 என்ற வெட்டுப்புள்ளிக்கு உணர்திறன் 72.5 சதவீதம், தனித்தன்மை 60.1 சதவீதம், அடிப்பரப்பு 0.698. வளைகோடாகப் பார்த்தால் சுமாரானதுதான். ஆனால் ஒரு துளி ரத்தமும் தேவையில்லை, ஓர் அளவுநாடா போதும். நேர்மறை வந்தவர்களில் 17 சதவீதம் பேருக்கே நோய் இருந்தாலும், அடுத்த படி மலிவானதாக இருக்கும்வரை அந்தப் பேரம் கட்டுப்படியாகும்.

ஆறாம் படி: மேல்சோதனைக் கூடத்தின் கதவு

காகிதத்தில் 130 பிடித்திருந்தாலும், ஆய்வகத்தால் எத்தனை பேருக்குக் குளுக்கோஸ் சோதனை செய்ய முடியும் என்று கேட்காமல் முடிவு செய்யக்கூடாது. வாரத்துக்கு இரண்டு காலைகள், காலைக்குப் பத்துப் பேர் என்றால் வாரம் 20. 187 பேரை முடிக்க ஒன்பது வாரத்துக்கு மேல் ஆகும், 273 பேருக்குப் பதினான்கு வாரம். காத்திருப்பு நீள நீள வருகிறவர்கள் குறைவார்கள். குறுகிய வரிசையில் பத்துக்கு எட்டுப் பேர் வருகிறார்கள், நீண்ட வரிசையில் பத்துக்கு ஆறு பேர்தான் வருகிறார்கள் என்று வைத்துப் பார்த்தால், 140-இல் கண்டுபிடிக்கப்படுவோர் 60-இல் 48 பேர், 130-இல் 66-இல் ஏறத்தாழ 40 பேர். வெட்டுப்புள்ளியைக் குறைத்து உணர்திறனைக் கூட்டியும், கையில் வந்த நோயாளிகள் குறைந்துவிட்டார்கள். இந்த இழப்பு எந்த வளைகோட்டிலும் தெரியாது. அழைக்கப்பட்டவர்களில் வந்தவர்கள் எத்தனை பேர் என்ற பதிவேட்டில்தான் தெரியும்.

எங்கே கெட்டுப்போகிறது

மிக அதிகமாகக் கெடுக்கும் தவறு, நேர்மறை வந்தவர்களுக்கு மட்டும் மேல்சோதனை செய்துவிட்டு அந்தத் தரவிலேயே வளைகோடு வரைவது. முதல் படியில் சொன்ன இடம் இதுதான். 140-க்கு மேல் உள்ள அனைவருக்கும், கீழே உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குளுக்கோஸ் சோதனை செய்தோம் என்று கொள்ளுங்கள். மேலே 30 நோயாளிகளும் நோய் இல்லாத 22 பேரும் இருக்கிறார்கள். கீழே உள்ள 10 நோயாளிகளில் 2 பேரும், 138 பேரில் 28 பேரும் நம் சோதனைக்குள் வருகிறார்கள். இதை அப்படியே கணக்கிட்டால் உணர்திறன் 32-க்கு 30, அதாவது 94 சதவீதம். தனித்தன்மை 50-க்கு 28, அதாவது 56 சதவீதம். 75-உம் 86-உம் வர வேண்டிய இடத்தில் 94-உம் 56-உம். சோதனை மாறவில்லை, நாம் எண்ணிய விதம் மாறிவிட்டது.

தீர்வு எளியது. கீழிருந்து எடுத்த ஒவ்வொருவரும் ஐந்து பேருக்குப் பிரதிநிதி என்பதால் அவர்களை ஐந்தால் பெருக்க வேண்டும். 2 நோயாளிகள் 10 ஆவார்கள், உணர்திறன் மீண்டும் 40-க்கு 30. ஆனால் இது நடக்க, கீழே உள்ளவர்களை ஊழியர்களின் விருப்பப்படி எடுக்காமல் குலுக்கல் முறையில் எடுத்திருக்க வேண்டும். "பார்த்தாலே சுகர் இருக்கிற மாதிரி இருந்தார், அதனால் அனுப்பினேன்" என்று தேர்ந்தெடுத்திருந்தால் எந்தப் பெருக்கலும் காப்பாற்றாது. கீழே உள்ளவர்களில் ஒருவரைக்கூடச் சோதிக்காத ஆய்வில் உணர்திறன் என்று ஓர் எண்ணைக் கண்டால், அதைப் படிக்காமல் தாண்டிவிடலாம்.

இரண்டாவது தவறு, நோய் உள்ளவர்களை ஒரு நீரிழிவு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவிலிருந்தும், நோய் இல்லாதவர்களைக் கல்லூரி மாணவர்களிடமிருந்தும் திரட்டுவது. ஒரு பக்கம் 280, மறுபக்கம் 95 என்றிருந்தால் எந்தச் சோதனையும் 0.98 காட்டும். தெருவில் நம்மைத் திணறவைப்பவர்கள் 125-க்கும் 165-க்கும் இடையே நிற்பவர்கள். அவர்கள் அந்தத் தரவில் இருக்கவே மாட்டார்கள். பரப்பு நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருந்தால் முதலில் இரு கூட்டமும் எங்கிருந்து வந்தன என்று கேளுங்கள்.

மூன்றாவது, அளவிலேயே வரும் பிழை. மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் நீட்டினால் விரலில் ஒட்டிய சர்க்கரையே குளுக்கோமீட்டரை ஏற்றிவிடும். அப்படி வந்த எண்ணை நம்புவதற்கு முன் சோப்பால் கழுவித் துடைத்து இன்னொரு ஸ்ட்ரிப்பில் பார்ப்பதுதான் முறை. இதைவிட நுட்பமான ஒன்றை நானே ஒரு பதிவேட்டில் பார்த்திருக்கிறேன். அளவுகளைப் பட்டை வரைபடமாக வரைந்தபோது 138-இலும் 139-இலும் ஒரு குன்று எழும்பி, 140 முதல் 142 வரை பள்ளமாக இருந்தது. மனித ரத்தம் அப்படி நடந்துகொள்வதில்லை. 140 வந்தால் நான்கு பக்கப் பரிந்துரைப் படிவத்தை நிரப்ப வேண்டியிருந்தது, மேசைக்கு முன்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது, அவ்வளவுதான். வளைகோடு வரையும் முன் ஒவ்வொரு ஊழியரின் பதிவுக்கும் தனித்தனியே இந்த வரைபடத்தைப் பார்ப்பது பத்து நிமிட வேலை. குளுக்கோமீட்டரின் நினைவகத்தில் உள்ள எண்களோடு பதிவேட்டை ஒப்பிட்டால் ஐயம் தீரும்.

நான்காவதாக, எந்த 200 பேரை வைத்து வெட்டுப்புள்ளியைத் தேர்ந்தெடுத்தோமோ அதே 200 பேரிடம் அதன் உணர்திறனையும் சொல்வது. பல எண்களை முயன்று நன்றாக வந்ததைப் பொறுக்கியதால், அது சற்றே மிகையாகத்தான் இருக்கும். 140 என்று முடிவானால் வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ நடக்கும் அடுத்த முகாமில், எண்ணை மாற்றாமல் மறுபடி அளந்து, அந்த இரண்டாவது அளவையே வெளியில் சொல்ல வேண்டும்.

பலகையில் எழுதும்போது

முடிவான எண்ணோடு எந்தக் குளுக்கோமீட்டர், சாப்பிட்டு எவ்வளவு நேரத்துக்குள் எடுத்தது, ஏற்கெனவே நோய் உள்ளவர்கள் விலக்கப்பட்டார்களா என்பவற்றையும் எழுதிவைக்க வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் எடுத்த 150-உம் நான்கு மணி நேரத்துக்குப் பிறகு எடுத்த 150-உம் ஒரே செய்தியைச் சொல்வதில்லை. போதிய பேர் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு உள்ளே, அதற்குப் பிறகு என்று இரண்டு வளைகோடுகள் வரைந்து பார்ப்பது பயன் தரும். 200-ஐத் தொட்டவருக்கு அளவற்ற தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் அவரை வாரக்கணக்கான வரிசையில் நிறுத்தாமல் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதும் அதே பலகையில் இடம்பெற வேண்டும்.

மேசையில் ஒட்டும் தாளில் "140-க்கு மேல்" என்று எழுதாமல் "140-உம் அதற்கு மேலும்" என்று எழுதுங்கள். நாம் கணக்கிட்டது `>=140`. மீட்டரில் சரியாக 140 காட்டியவரைப் பார்த்து ஒரு ஊழியர் "போயிட்டு வாங்கண்ணா" என்பதும், அடுத்த மேசையில் இருப்பவர் படிவத்தை எடுப்பதும் இந்த ஒரு சொல்லில்தான் நடக்கின்றன.